அக்காவின் அரிசி நின்ற சனிக்கிழமை

கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், "கணக்குப் பிரிவு" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்துக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் கேட்டவர்களின் முகம் மாறிவிடும். சிங்கப்பூரில், துவாஸில் உள்ள ஒரு மளிகை மொத்த வியாபாரக் கம்பெனியில் கடன் வரம்பைக் காவல் காப்பவள் நான். கடைகளும் உணவகங்களும் எங்களிடம் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கிவிட்டு முப்பது நாளில் பணம் கட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. பழைய பாக்கியும் புது ஆர்டரும் சேர்ந்து அதைத் தாண்டினால் கணினி அந்த ஆர்டரைப் பிடித்து நிறுத்திவிடும். கிடங்கில் ஒரு மூட்டைகூட அசையாது. இந்த நல்ல செய்தியை வாடிக்கையாளருக்குச் சொல்லும் திருவாய் என்னுடையது.

கணினியும் சொல்லும். ஆங்கிலத்தில், மூன்று வரியில், ஒரு மின்னஞ்சல் தானாகப் போகும். தங்கள் ஆர்டர் கடன் வரம்பைத் தாண்டியதால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, கணக்குப் பிரிவைத் தொடர்புகொள்ளவும், நன்றி. அதைப் படிப்பவர்கள் நூற்றில் நாலு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு லாரி வராதபோதுதான் விஷயம் தெரியவரும். அப்புறம் அவர்கள் போன் செய்து கத்துவதைக் கேட்க வேண்டியவளும் நான்தான். அதனால் முந்திக்கொண்டு நானே கூப்பிட்டுவிடுவேன்.

கூப்பிட்டுச் சொல்வதில் எனக்கு ஒரு முறை இருக்கிறது. முதலாளியிடம்தான் சொல்ல வேண்டும், போனை எடுக்கும் சமையல்காரரிடம் உளறக்கூடாது. எந்த ஆர்டர், எவ்வளவு தாண்டியிருக்கிறது, எத்தனை மணிக்குள் என்ன செய்தால் விடுவிப்போம் என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். "கொஞ்சம் பாக்கி இருக்குங்க" என்று இழுப்பது பாவம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இவ்வளவு ஒழுங்காகச் சொல்பவள் என்று எனக்கு என் மேல் ஒரு கர்வம் இருந்தது. அந்த மூக்கு உடைந்த கதைதான் இது.

அன்று சனிக்கிழமை. எங்களுக்கு அரை நாள். பதினொன்றரைக்குள் விடுவித்த ஆர்டர்களை மட்டும் கிடங்கில் எடுத்து அடுக்குவார்கள், ஒரு மணிக்கு லாரிகள் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு திங்கட்கிழமைதான். காலை ஒன்பதரைக்கு நிறுத்தப்பட்டவர்கள் பட்டியலைத் திறந்தேன். ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் வழக்கமான தலைவலிகள். ஐந்தாவதாக அக்கா.

அக்கா லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் கேட்டரிங் நடத்துகிறவர். ஆறு வருஷமாக எங்களிடம் வாங்குகிறார். அதுவரை ஒரு தடவைகூட நிறுத்தப்பட்டவரில்லை. மாதக் கடைசியில் கம்பெனிப் பெயர் அச்சிட்ட காசோலையைச் சென்ட் சுத்தமாக எழுதி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். தீபாவளிக்கு எனக்கென்று தனியாக ஒரு டப்பா முறுக்கு வரும். நல்ல முறுக்கு.

அவருடைய கணக்கைத் திறந்தேன். வரம்பு முப்பதாயிரம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பாக்கி இருபத்தேழாயிரத்து எண்ணூறு. புது ஆர்டர் ஒன்பதாயிரத்து நானூறு, வழக்கத்தைவிட மூன்று மடங்கு. கூட்டினால் வரம்புக்கு மேல் ஏழாயிரத்து இருநூறு. கடைசியாக வந்த பணம் போன மாதத்துக்கு முந்தைய மாதக் காசோலை. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிகூட வரவில்லை. 'அக்காவுமா' என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்லவர்கள் பாக்கி வைத்தால் எனக்குக் கோபம் கூடுதலாக வரும். கெட்டவர்களிடம் எதிர்பார்ப்பே இல்லை, அதனால் கோபமும் இல்லை.

போனை எடுத்தது சமையலறை ஆள்.

"அக்கா இருக்காங்களா?"

"எங்கேருந்து பேசுறீங்க?"

"அரிசிக் கம்பெனி."

"அக்கா, அரிசிக் கம்பெனி," என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அக்கா வந்தார். போனில் இவ்வளவுதான் எங்கள் அறிமுகம், ஆறு வருஷமாக. அப்போது அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

"என்னம்மா, நல்லா இருக்கியா? லாரி எத்தனை மணிக்கு வருது?"

"அக்கா, அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க நேத்து போட்ட ஆர்டர் ஹோல்ட்ல இருக்கு. லிமிட் தாண்டிடுச்சு. ஏழாயிரத்து இருநூறு ஜாஸ்தி."

"ஹோல்ட்னா?"

"நிறுத்தி வச்சிருக்கோம். பதினொன்றரைக்குள்ள ரிலீஸ் பண்ணலைன்னா இன்னைக்கு லாரில ஏறாது. அடுத்த லாரி திங்கட்கிழமை மத்தியானம்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார். துவாஸில் ஒரு தொழிலாளர் விடுதிக்குச் சாப்பாட்டுக் காண்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலையிலிருந்து முந்நூற்றைம்பது பேருக்குக் காலைச் சாப்பாடும் மதியப் பொட்டலமும். முதல் ஒரு மாதம் சோதனை, பிடித்தால்தான் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து. அதற்காகப் புதிதாக இரண்டு ஆள் எடுத்தாகிவிட்டது, ஒரு வேனும் வாடகைக்குப் பிடித்தாகிவிட்டது. கையில் இருந்ததெல்லாம் அதில் போய்விட்டது.

"முதல் நாளே சோறு வரலைன்னா அவங்க எனக்கு ரெண்டாவது நாள் கொடுப்பாங்களாம்மா?"

கொடுக்க மாட்டார்கள். துவாஸில் எனக்கு அந்த விடுதிகளைத் தெரியும். காலை ஐந்தரைக்கு வேலைக்கு லாரி ஏறுகிற மனிதன் பொட்டலம் இல்லாமல் ஏற முடியாது.

நான் என் முறைப்படி வழிகளைச் சொன்னேன். ஏழாயிரத்து இருநூறை இப்போதே கட்டி, கட்டியதற்கான ஆதாரத்தை அனுப்பினால், வங்கியில் பணம் தெரிந்ததும் விடுவித்துவிடலாம். அது முடியாதென்றால் ஆர்டரைப் பிரிக்கலாம். வரம்பில் இன்னும் இடமிருக்கும் இரண்டாயிரத்து இருநூறுக்கு மட்டும் சரக்கு ஏற்றலாம், மிச்சத்தைப் பணம் வந்ததும் அனுப்பலாம். வரம்பையே தற்காலிகமாகக் கூட்டித் தரவும் வழி உண்டு. அதற்குக் காண்ட்ராக்ட் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும், விற்பனை மேலாளரும் நிதி மேலாளரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் சனிக்கிழமை வருவதில்லை. நிதி மேலாளரைப் போனில் பிடித்தாலும் திங்கட்கிழமை பார்க்கலாம் என்பார்.

"பாதி அரிசி வச்சுக்கிட்டு நான் பாதிப் பேருக்குச் சோறு போடவா?"

"இல்லக்கா, நான் வழியைத்தான் சொல்றேன்."

"அதெல்லாம் சரி. ஆனா நான் பணம் அனுப்பிட்டுத்தானே இருக்கேன். மூணு வெள்ளிக்கிழமையா அனுப்புறேன்."

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். 'அனுப்பிவிட்டேன்' என்பது என் தொழிலில் தினசரி கேட்கும் சுப்ரபாதம். காலையில் பத்து பேர் பாடுவார்கள். அதில் ஏழு பேர் அன்று மாலைதான் அனுப்புவார்கள். நான் கணக்கை மறுபடி ஒரு பார்வை பார்த்தேன். வரவு இல்லை.

"எங்க கணக்குல வரலக்கா."

"டிரைவர் தம்பிக்குக் காட்டினேனே. போன்ல அனுப்பி, பச்சைக் கலர்ல டிக் வந்ததும் காட்டினேன். சரிக்கான்னு சொல்லிட்டுப் போனாரு."

"டிரைவர்கிட்ட காட்டினா கணக்குல ஏறுமாக்கா? ஸ்கிரீன்ஷாட் இருந்தா அனுப்புங்க."

"அதெல்லாம் பொண்ணுதான் எடுப்பா. அவ வேலைக்குப் போயிட்டா, அவ போனை லாக்கர்ல வச்சுடுவா, கூப்பிட முடியாது."

"அப்ப நான் என்னக்கா பண்றது? எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. வராத பணத்தை வந்துச்சுன்னு நான் போட முடியாதுல்ல."

எல்லாரும். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆறு வருஷம் சென்ட் சுத்தமாகக் கட்டிய பெண்ணை எல்லாரோடும் சேர்த்து ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சரிம்மா. நான் பொய் சொல்றேன்னு நீ நினைக்க வேணாம். வளையல் இருக்கு. பக்கத்துலதான் அடகுக் கடை, பத்தரைக்குத் திறப்பாங்க. வச்சுட்டு அனுப்புறேன். லாரியை மட்டும் விட்டுடாதே."

போன் வைக்கப்பட்டது. ஆறு வளையல். தீபாவளிக்கு முறுக்கு வாங்க நான் ஒரு முறை நேரில் போனபோது பார்த்திருக்கிறேன். மாவு பிசையும்போது முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொள்வார்.

வேலை ஓடவில்லை. தப்பு என் மேல் இல்லை என்று எனக்கு நானே மூன்று தடவை சொல்லிக்கொண்டேன். தப்பு நிஜமாகவே இல்லையென்றால் ஒரு தடவை போதும். மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு முடித்தேன். இரண்டு பேர் உடனே கட்டினார்கள், ஒருவர் திட்டினார், ஒருவர் போனை எடுக்கவில்லை. பத்தரை தாண்டியதும் கீழே கிடங்குக்கு இறங்கினேன். அக்காவின் தெருவுக்குப் போகும் டிரைவரிடம், ஒரு இடம் கடைசி நிமிஷத்தில் சேரலாம், லாரியில் இடம் வைத்திரு என்று சொல்ல வேண்டும்.

டிரைவர் புதுக்கோட்டைக்காரர், எங்களிடம் எட்டு வருஷம். லாரியின் பின்கதவில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அக்கா சரக்கு இன்னும் ஹோல்டா? அவங்கதான் பணம் கட்டினாங்களே மேடம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். மூணு தடவையும் போனைத் தூக்கிக் காட்டினாங்க. முதல் தடவை மூவாயிரத்து ஒண்ணு. அந்த ஒண்ணு எதுக்குக்கான்னு கேட்டேன். செக்குன்னா அது பேப்பர், இது கையால எடுத்துக் கொடுக்கிற மாதிரி, கையால கொடுத்தா ஒண்ணு சேர்த்துத்தான் கொடுக்கணும்னாங்க. மொய் மாதிரி. நல்ல மனசு மேடம் அவங்களுக்கு."



மூவாயிரத்து ஒன்று. அந்த எண்ணை எனக்குத் தெரியும். மூன்று வாரமாகக் காலையில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்து, யாருடையது என்று தெரியாவிட்டால், அதை ஒரு தனிப் பட்டியலில் போட்டு வைப்போம். அடையாளம் தெரியாத வரவு என்று பெயர். ஆள் தெரிகிற வரை அது எந்த வாடிக்கையாளரின் பாக்கியையும் குறைக்காது. வரவுகளைப் பதிவு செய்வது என் பக்கத்து மேசைச் சீனத் தோழியின் வேலை. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மூவாயிரத்து ஒரு வெள்ளி வந்தது. அனுப்பியவர் ஒரு பெண், முழுப் பெயர், கூடவே அப்பா பெயர், நடுவில் அடையாள அட்டையில் இருக்கும் 'இன்னாருடைய மகள்' என்ற அந்த ஆங்கில எழுத்துகள். அப்படிப் பெயர் கொண்ட வாடிக்கையாளர் எங்களுக்கு யாரும் இல்லை. பில் எண் போட வேண்டிய கட்டத்தில் ஆங்கில எழுத்தில் 'சிவமயம்' என்று இருந்தது. கணக்கு நோட்டின் தலையில் எழுதுவோமே, அது. அடுத்த வாரம் இரண்டாயிரத்து ஐந்நூற்று ஒன்று, சிவமயம். அதற்கடுத்த வாரம் இரண்டாயிரத்து ஒன்று, சிவமயம்.

கோயிலுக்கு அனுப்பும் நன்கொடையை யாரோ தவறி எங்களுக்கு அனுப்புகிறார்கள் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதானே அங்கே. தோழி அந்தப் பெண்ணுக்கு 'டெம்பிள் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தாள். பாவம், இந்த அம்மாவுக்குப் புண்ணியம் எல்லாம் துவாஸ் கிடங்கில் இறங்குகிறது என்று நான் சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அனுப்பியவரிடம் விசாரித்துச் சொல்லும்படி வங்கிக்கு எழுதியதோடு எங்கள் கடமை முடிந்தது.

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். என் வயதில் அது சின்ன விஷயமில்லை. கோப்பு அலமாரியில் அக்காவின் கடன் விண்ணப்பப் படிவத்தைத் தேடி எடுத்தேன். ஆறு வருஷத்துக்கு முந்தையது. கம்பெனிப் பெயர், முகவரி, உரிமையாளரின் முழுப் பெயர். அதே பெயர். அதே அப்பா. எழுத்துக்கு எழுத்து அதே. அதன் கீழே 'அடையாள அட்டையுடன் சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. என்னுடையது.

ஒரு காலத்தில் எனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன். மறுநாளே அவர் 'அக்கா' ஆகிவிட்டார், அந்தப் பெயர் அலமாரிக்குப் போய்விட்டது. கணினியில் இருப்பது கம்பெனிப் பெயர். என் போனில் இருப்பது 'அக்கா கேட்டரிங்'. டிரைவருக்கும் அக்கா, அவர் சமையலறைக்கும் அக்கா. பெயர் கேட்பதை நாமெல்லாம் கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தானே வைத்திருக்கிறோம். முறை சொல்லிக் கூப்பிட்டால் போதும், உறவு வந்துவிட்டது என்று நினைப்பு. எங்களிடம் அக்காவை முழுப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரே ஆள் வங்கிதான். அது அந்தப் பெயரை என் மேசையில் மூன்று தடவை கொண்டுவந்து வைத்தது. நான் சிரித்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. இனி காசோலை வாங்க மாட்டோம், போனில் கியூஆர் கோடு வழியாக அனுப்புங்கள் என்று எல்லா வாடிக்கையாளருக்கும் கடிதம் போனது. எழுதியவள் நான். குறிப்புக் கட்டத்தில் வாடிக்கையாளர் எண்ணைப் போட வேண்டும் என்பதை இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் வைத்திருந்தேன். அக்காவின் கம்பெனிக் கணக்குக்குப் போனில் ஆப் கிடையாது. மகள் போட்டுக் கொடுத்தது அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்குக்குத்தான். குறிப்பு என்று ஒரு காலிக் கட்டம் வந்ததும், கணக்கு எழுதத் தொடங்கும்போது எதை எழுதுவாரோ அதை எழுதியிருக்கிறார்.

தோழியிடம் படிவத்தை நீட்டினேன். அவள் பெயரைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ, டெம்பிள் ஆன்ட்டி," என்றாள். 'ஐயோ' மட்டும் அவள் எங்களிடமிருந்து சுத்தமாகக் கற்றுக்கொண்டது. படிவத்தின் நகலை ஆதாரமாக இணைத்து, மூன்று வரவையும் அக்காவின் கணக்குக்கு மாற்றி, பழைய பில்களுக்கு எதிராக ஏற்றத் தொடங்கினாள். மணி பதினொன்று ஐந்து.

நான் போனைப் பிடித்தேன். அக்காவின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கடைக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா வெளிய போயிருக்காங்க மேடம்."

"அடகுக் கடைக்கா?"

அந்த மனிதர் கொஞ்சம் தயங்கினார். "வாசல் தாண்டி ரெண்டாவது கடை."

"அண்ணே, அடுப்பை அணைச்சுட்டு ஓடுங்க. நகையை வைக்க வேணாம்னு சொல்லுங்க. பணம் வந்துடுச்சுன்னு சொல்லுங்க. அரிசிக் கம்பெனிப் பொண்ணு சொல்லுச்சுன்னு சொல்லுங்க."

"அடுப்புல சாம்பார் இருக்கு மேடம்."

"சாம்பார் அடிப்பிடிச்சா நான் காசு தரேன்."

அவர் ஓடினாரா நடந்தாரா தெரியாது. போனை வைக்காமலேயே போய்விட்டார். சாம்பார் கொதிப்பதை நான் துவாஸில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தோழி மூன்றாவது வரவை ஏற்றி முடித்தாள். ஏழாயிரத்து ஐந்நூற்று மூன்று வெள்ளி பாக்கியிலிருந்து இறங்கியது. புது ஆர்டரையும் சேர்த்தால் இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றேழு. வரம்புக்குள் வந்துவிட்டது, முந்நூற்று மூன்று வெள்ளி மிச்சம் வைத்து. வரம்புக்குள் இருந்தால் மேலாளர் கையெழுத்து வேண்டாம். மறுபரிசோதனை என்ற பொத்தானை அழுத்தினேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கிடங்கில் ஆர்டர் சீட்டு அச்சாகும் சத்தம் மாடி வரை கேட்காது, ஆனாலும் கேட்டது போல இருந்தது. மணி பதினொன்று இருபத்திரண்டு.

போனில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா.

"என்னம்மா ஆச்சு? தராசுல வச்சுட்டாங்க. இந்த ஆள் வந்து கையைப் பிடிச்சு இழுக்கிறாரு."

"வளையலை வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன். கையிலதான் இருக்கு."

"போட்டுக்குங்கக்கா. உங்க பணம் மூணு வாரமா எங்ககிட்டதான் இருக்கு. யாருதுன்னு தெரியாம தனியா வச்சிருந்தோம். இப்ப உங்க கணக்குல ஏத்தியாச்சு, ஆர்டர் ரிலீஸ் ஆயிடுச்சு. ஒரு மணிக்கு லாரி கிளம்பும். முழு ஆர்டரும் வருது. தப்பு எங்களுது. எங்களுதுன்னா என்னுது. எல்லாரும் இப்படித்தான்னு உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, அது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்குங்க."

அக்கா பெருமூச்சு விட்டார். அதில் முந்நூற்றைம்பது பொட்டலமும் இருந்தது.

"யாருதுன்னு எப்படித் தெரியாம போச்சு? என் பேர் வரலையா?"

"வந்துச்சுக்கா."

"அப்புறம்?"

பொய் சொல்ல நல்ல இடம். வங்கி தப்பு, கணினி தப்பு, எது சொன்னாலும் அவர் நம்பியிருப்பார்.

"உங்க பேரு உங்களுதுன்னு எனக்குத் தெரியலக்கா."

நான் வெட்கத்தில் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு அக்கா சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வளையல் குலுங்க.

"நான் மட்டும் என்ன, உன்னை அரிசிக் கம்பெனிப் பொண்ணுன்னுதானே போன்ல போட்டு வச்சிருக்கேன். ஆறு வருஷமா முறுக்கு அனுப்புறேன், டப்பா மேல என்ன எழுதுறேன் சொல்லு?"

"அரிசிக் கம்பெனி."

"ஆங். அதான். உன் பேரு என்னம்மா?"

சொன்னேன். நல்ல பேர் என்றார், எழுத்துக் கூட்டச் சொன்னார், சமையல்காரரிடம் பேனா கேட்டார். நானும் அவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், சரிதானா என்று. மூன்று வாரமாகக் கண்ணால் படித்த பெயர், வாயில் வேறு மாதிரி இருந்தது. "எங்கப்பா போன பிறகு யாரும் முழுசா கூப்பிட்டதில்ல," என்றார். "பேங்க்லயும் ஆஸ்பத்திரிலயும்தான் கூப்பிடுவாங்க." பிறகு சாம்பார் ஞாபகம் வந்து போனை வைத்துவிட்டார். அடிப்பிடித்துத்தான் போயிருந்தது என்று பின்னால் டிரைவர் சொன்னார்.

திங்கட்கிழமை முந்நூற்றைம்பது பொட்டலமும் துவாஸ் போய்ச் சேர்ந்தன. ஒரு மாதச் சோதனை முடிந்து கையெழுத்தும் ஆயிற்று. அந்தக் கடிதத்தை வைத்து அக்காவின் வரம்பை முறைப்படி கூட்டியும் கொடுத்தோம். நான் அந்தப் பழைய கியூஆர் கடிதத்தை எடுத்து, குறிப்புக் கட்டத்தில் வாடிக்கையாளர் எண் போட வேண்டும் என்பதை முதல் வரியாக, தமிழிலும் சீனத்திலும் சேர்த்து, மறுபடி எல்லாருக்கும் அனுப்பினேன். யாருடைய பெயரில் பணம் வரும் என்று எழுத ஒரு இடமும் வைத்தேன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னேன்: சிவமயத்தை நோட்டில் எழுதுங்கள், போனில் எங்கள் எண்ணை மட்டும் போடுங்கள், அப்படிப் போட்டால் கணினி தானாகவே உங்கள் கணக்கில் ஏற்றிவிடும்.

"அந்த ஒரு வெள்ளி?"

"அது இருக்கட்டும்க்கா. அது வரவுலதான் நிக்கும்."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பட்டியலைத் திறந்தேன். அடையாளம் தெரியாத வரவு, ஒன்றே ஒன்று. நாலாயிரத்து ஒன்று. கணினி அதைத் துப்பியிருந்தது. ஏன் என்று குறிப்புக் கட்டத்தைப் பார்த்தேன். வாடிக்கையாளர் எண் சரியாகத்தான் இருந்தது, ஒரு எழுத்து பிசகவில்லை. அதை ஒட்டி, இடைவெளிகூட விடாமல், என் பெயர்.

எண்ணோடு வேறு எது ஒட்டியிருந்தாலும் கணினிக்குப் புரியாது. அக்காவைக் கூப்பிட்டு, பெயரைப் போடாதீர்கள் என்று சொல்வதுதான் முறை. தோழி அதைத்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை. வாராவாரம் அந்த ஒரு வரவை மட்டும் அவள் கையாலேயே ஏற்றுகிறாள். அதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, திரையைத் திருப்பி, ஒரு தடவை காட்டிவிடுகிறாள்.